சாதியும் வர்க்கமும் பேசும்போது கதைமாந்தர் காணாமல் போகாதிருக்க: நாவல் விவாதத்துக்கு ஒரு வழிகாட்டி

இமையத்தின் ‘கோவேறு கழுதைகள்’ நாவலைப் பற்றிப் பேசுவதற்காக ஒரு வாசகர் வட்டத்துக்கு ஒன்பது பக்கக் கட்டுரை எழுதிக்கொண்டு போனேன். இரண்டு மாத உழைப்பு அது. வாசித்து முடித்ததும், பின்வரிசையில் இருந்த ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் எழுந்து, “அந்தம்மாவுக்கு நாவல்ல ஒரு பேர் இருக்கே, உங்க கட்டுரையில ஏன் இல்ல?” என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. வீட்டுக்கு வந்து பென்சிலை எடுத்து எண்ணிப் பார்த்தேன். ‘புதிரை வண்ணார்’ என்ற சொல் 31 இடங்களிலும், ‘ஒடுக்கப்பட்ட பெண்’ என்ற தொடர் 14 இடங்களிலும் வந்திருந்தன. ‘ஆரோக்கியம்’ என்ற பெயர் இரண்டே இடங்களில் இருந்தது.

அந்தக் கட்டுரையை முழுவதும் கிழித்துப்போட்டு மறுபடியும் எழுத எனக்கு ஐந்து வாரம் ஆனது. முறையாகத் தொடங்கியிருந்தால் மூன்று வாரத்தில் முடித்திருக்கலாம். யதார்த்தவாத நாவல் ஒன்றைப் பற்றி முதன்முறையாகப் பேசப்போகிறவர்கள், அல்லது எழுதப்போகிறவர்கள், அந்த வீண்சுற்றைச் சுற்றாமல் இருக்கவே இதை எழுதுகிறேன். எடுத்துக்காட்டுக்கு அதே நாவலையே வைத்துக்கொள்கிறேன். 1994இல் வெளிவந்த அந்த நாவல், தலித் காலனியின் துணிகளை வெளுக்கும் புதிரை வண்ணார் குடும்பத்துப் பெண்ணான ஆரோக்கியத்தை நடுவில் வைத்திருக்கிறது. காலனிக்காரர்கள் கூலிக்கு உழைக்கும் ஏழைகள். ஆரோக்கியத்தின் குடும்பமோ அவர்களுடைய நெல்லையும் சோற்றையும் எதிர்பார்த்து நிற்கிறது. சாதியும் வர்க்கமும் ஒரே கோட்டில் போகாத நாவல் என்பதால் தவறு செய்வதற்கும், தவறைக் கண்டுபிடிப்பதற்கும் இதைவிட நல்ல இடம் கிடைக்காது.

1. கையில் என்னென்ன வேண்டும், எவ்வளவு நாளாகும்

நாவலின் சொந்தப் பிரதி ஒன்று வேண்டும். நூலகப் பிரதியில் கோடு போட முடியாது. இரண்டு வாரத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டு, கட்டுரை எழுதும்போது நினைவிலிருந்து எழுத நேரும். நினைவு எப்போதும் கதைமாந்தரை உண்மையில் இருந்ததைவிட எளிமையாக்கித்தான் வைத்திருக்கும். என் முதல் கட்டுரையில் நடந்தது அதுதான். எந்தப் பதிப்பு, எந்த ஆண்டு என்று முதல் பக்கத்திலேயே குறித்துக்கொள்ளுங்கள். பதிப்புக்குப் பதிப்பு பக்க எண் மாறும், கூட்டத்தில் பத்துப் பேர் பத்துப் பக்கத்தைத் திருப்பிக்கொண்டிருப்பார்கள்.

இதற்கு மேல், எண்பது பக்க நோட்டு ஒன்றும் பென்சிலும் போதும். புத்தக விலையைத் தவிர வேறு செலவு என்று பெரிதாக இல்லை. சட்ட ஆவணங்கள் இரண்டு வேண்டியிருக்கும். அவை அரசுத் தளங்களில் இலவசமாகக் கிடைக்கும், அவற்றைப் பற்றி ஐந்தாம் படியில் சொல்கிறேன். விமர்சன நூல்களை இப்போது வாங்காதீர்கள். நான் முதலில் மூன்று கட்டுரைத் தொகுப்புகளை வாங்கி, அவற்றைப் படித்துவிட்டுத்தான் நாவலையே திறந்தேன். பிறகு நாவலில் எதைப் பார்த்தாலும் அவர்கள் சொன்னதாகவே தெரிந்தது.

முதல் வாசிப்புக்கு ஒரு வாரம், இரண்டாம் வாசிப்புக்கும் குறிப்புக்கும் ஒரு வாரம், எழுதவும் திருத்தவும் ஒரு வாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கூட்டத் தேதிக்குப் பத்து நாள்தான் இருக்கிறது என்றால் முழு நாவலையும் பேச ஒப்புக்கொள்ளாமல் ஓர் அத்தியாயத்தை மட்டும் எடுத்துக்கொள்வது நல்லது.

2. முதல் வாசிப்பில் எழுதாதீர்கள்

முதல் முறை படிக்கும்போது நோட்டைத் திறக்க வேண்டாம். கோபம் வந்த பக்கத்திலும், ஒரு கதைமாந்தர்மேல் எரிச்சல் வந்த பக்கத்திலும் ஓரத்தில் ஒரு புள்ளி மட்டும் வையுங்கள். எரிச்சல் வந்த பக்கங்கள்தான் பின்னால் மிகவும் பயன்படும். ஆரோக்கியத்தின்மேல் எனக்குப் பலமுறை எரிச்சல் வந்தது. இவ்வளவு அவமானத்துக்குப் பிறகும் இவள் ஏன் அந்தத் தெருவுக்கே போகிறாள் என்று கேட்டுக்கொண்டே படித்தேன். முதல் கட்டுரையில் அந்தக் கேள்வியை நான் எழுதவேயில்லை. ஒடுக்கப்பட்டவள்மேல் எரிச்சல்படுவது தவறு என்று நினைத்து, அதை மூடி மறைத்து, அவளை வெறும் துயரத்தின் உருவமாக எழுதிவைத்தேன். எரிச்சலை மறைத்ததோடு அவளுடைய பிடிவாதமும் மறைந்துபோனது.

3. நோட்டில் மூன்று பத்திகள்

இரண்டாம் வாசிப்பில் நோட்டின் இரண்டு பக்கங்களையும் விரித்து வைத்து, மேலிருந்து கீழாகக் கோடு போட்டு மூன்று பத்திகளாகப் பிரியுங்கள். முதல் பத்திக்குக் ‘கொடுக்கல் வாங்கல்’ என்று பெயர் வைத்தேன். யார் யாருக்கு எதைக் கொடுத்தார்கள், நெல்லா, சோறா, காசா, பழைய துணியா, எவ்வளவு, வேலைக்கு முன்பா பின்பா, அளந்தது யார் என்பவை மட்டுமே இதில் வரும். வர்க்கம் என்று நாம் பெரிய சொல்லால் சொல்வது காட்சிக்குள் இப்படித்தான் இருக்கும்.

இரண்டாம் பத்தி ‘புழக்கம்’. யார் யாரை எப்படி அழைத்தார்கள், யார் எங்கே நின்றார்கள், வாசற்படி வரைக்குமா உள்ளேயா, எந்தப் பாத்திரத்தில் வாங்கினார்கள், வயதில் மூத்தவர் இளையவரை என்னவென்று விளித்தார், இளையவர் என்ன பதில் சொன்னார் என்பவை இங்கே. சாதி பெரும்பாலும் இந்தப் பத்தியில்தான் அகப்படும். சாதிப் பெயர் நேரடியாக வரும் இடங்களையும் குறித்துக்கொள்ளுங்கள், ஆனால் அதைச் சொன்னது கதைசொல்லியா கதைமாந்தரா என்பதைக் கட்டாயம் பக்கத்தில் எழுதுங்கள்.

மூன்றாம் பத்தி குறுகலாக இருந்தால் போதும். அதற்கு ‘ஒட்டாதவை’ என்று பெயர். ஒருவர் செய்த செயலோ சொன்ன சொல்லோ அவருடைய பொருளாதார நிலையாலும் விளங்கவில்லை, சாதி நிலையாலும் விளங்கவில்லை என்றால் அது இங்கே வரும். ஓர் அத்தியாயத்துக்கு இரண்டோ மூன்றோதான் கிடைக்கும். முழு நாவலுக்கும் ஒன்றும் கிடைக்கவில்லை என்றால் இரண்டில் ஒன்று: நாவல் மெலிந்தது, அல்லது நாம் படித்தது போதாது. எனக்குப் பெரும்பாலும் இரண்டாவதுதான் காரணமாக இருந்திருக்கிறது.

முதல் இரண்டு பத்திகளையும் பிரித்து எழுதச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பெரும்பாலான காட்சிகளில் சாதியும் வர்க்கமும் கைகோத்தே வருவதால் வாசகர் இரண்டையும் ஒன்றாகவே எண்ணிவிடுகிறார். ‘கோவேறு கழுதைகள்’ நாவலில் முதல் பத்தியை மட்டும் பார்த்தால் காலனிக்காரர்களும் ஆரோக்கியத்தின் குடும்பமும் அருகருகே நிற்கிறார்கள். இருவருக்கும் அறுவடை பொய்த்தால் அடுப்பு எரியாது. இரண்டாம் பத்தியைப் பார்த்தால் இடையில் ஒரு தெரு அகலத்துக்குத் தூரம் விழுகிறது. துணியை வெளுக்கவும் தைக்கவும் வேறு வழிகள் வந்தபின் முதல் பத்தியில் அவளுடைய வரவு மெலிகிறது. ஆனால் சாவிலும் சடங்கிலும் அவள் செய்ய வேண்டியது என்று ஊர் வைத்திருப்பது அப்படியே இருக்கிறது. இந்த இரண்டு பத்திகளும் ஒன்றோடொன்று முரண்படும் பக்கங்களைத்தான் விவாதத்துக்கு எடுக்க வேண்டும். அவளும் அவள் கணவன் சவுரியும் எடுக்கும் முடிவுகள் அங்கேதான் தெரியும்.

பொதுவாக நடக்கும் தவறு ஒன்றை இங்கே சொல்லிவிடுகிறேன். ‘காலனி’ என்று எழுதி அதை ஓர் ஆள்போல நடத்தாதீர்கள். “காலனி அவளை அவமதிக்கிறது” என்று நான் எழுதியிருந்தேன். எந்த வீடு அள்ளிப் போட்டது, எந்த வீடு கதவைச் சாத்தியது, யார் முகத்தைப் பார்த்துப் பேசினார்கள் என்று முதல் பத்தியில் வீடுவாரியாக எழுதியபோது அந்த வாக்கியம் தானாக உடைந்தது.

4. ஒரு காட்சியைப் பிரித்துக் காட்டுகிறேன்

முறையைக் காட்ட நாவலிலிருந்து நீளமாக எடுத்தெழுதுவது முறையல்ல என்பதால், பயிற்சிக்காக நானே எழுதிய சிறு காட்சி ஒன்றைத் தருகிறேன். களம் அதேபோன்ற களம்தான். ஆள்கள் என் கற்பனை.

*அறுத்தவர்களுக்குக் கூலி அளந்தார்கள். கணக்குப்பிள்ளை மரக்காலின் வாயை உள்ளங்கையால் வழித்துவிட்டு அளந்தார். மாணிக்கம் ஒன்றும் சொல்லாமல் சாக்கை விரித்துப் பிடித்தான். ஆள்கள் கலைந்தபின் அஞ்சலை முறத்தோடு வந்து நின்றாள். மாணிக்கம் தன் சாக்கிலிருந்து படியால் மொண்டு, வாயை வழித்துவிட்டு, அவள் முறத்தில் கொட்டினான்.*

*“போன வருசம் கூம்பாத்தான போட்டீங்க சாமி?”*

*“போன வருசம் போன வருசம்தான். போ.”*

*அவள் போகவில்லை. முறத்தை மெல்லத் தட்டி நெல்லைப் பரப்பினாள். பதர் மேலே வந்தது. அதை அவன் கண்ணில் படும்படி ஒரு பக்கமாக ஒதுக்கினாள்.*

மாணிக்கத்துக்கு இருபது வயது, அஞ்சலைக்கு அவன் தாயின் வயது என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் காட்சியை எங்கள் வட்டத்தில் கொடுத்தபோது உடனே இரண்டு கருத்துகள் வந்தன. ஒடுக்கப்பட்டவனே தனக்குக் கீழே உள்ளவளை ஒடுக்குகிறான் என்றார் ஒருவர். வறுமை இருவரையும் ஒரே மாதிரி நசுக்குகிறது என்றார் இன்னொருவர். இரண்டும் தவறில்லை. ஆனால் இரண்டிலும் மாணிக்கமும் அஞ்சலையும் இல்லை. எந்த ஊரிலும் எந்த இருவரையும் அந்த இடத்தில் வைத்து அதே வாக்கியங்களைச் சொல்லிவிடலாம்.

இப்போது பத்திகளை நிரப்பிப் பாருங்கள். கொடுக்கல் வாங்கல் பத்தியில் இரண்டு அளவுகள் வருகின்றன. மரக்காலை வழித்தார் கணக்குப்பிள்ளை. படியை வழித்தான் மாணிக்கம். கூம்பாக நின்றிருக்க வேண்டிய நெல் முதலில் மாணிக்கத்திடமிருந்து போனது, பிறகு அதே கையசைவால் அஞ்சலையிடமிருந்து போனது. தனக்குக் குறைந்ததைத்தான் அவன் குறைத்துக் கொடுத்தான் என்று கணக்கு சொல்கிறது. இதை மட்டும் பார்த்தால் அவன்மேல் குற்றமில்லை என்றுகூட வாதிடலாம்.

புழக்கப் பத்தி அந்த வாதத்தை நிற்கவிடாது. கணக்குப்பிள்ளை வழித்தபோது மாணிக்கத்தால் ஒரு சொல்லும் சொல்ல முடியவில்லை. அஞ்சலை கேட்டபோது ‘போ’ என்று சொல்ல முடிந்தது. தாய் வயதுடையவள் ‘சாமி’ என்கிறாள், ‘போட்டீங்க’ என்கிறாள். மகன் வயதுடையவன் ஒருமையில் விரட்டுகிறான். நெல் குறைந்ததற்குக் காரணம் மேலிருந்து வந்தது. ‘போ’ என்ற சொல்லுக்கு அந்தக் காரணம் பொருந்தாது. அது அவனுக்குப் பிறப்பிலேயே கிடைத்த வசதி. விவாதத்தில் இந்த இரண்டையும் தனித்தனி வாக்கியமாகச் சொல்லிவிட்டால், ஒன்று இன்னொன்றை மன்னிக்கும் வேலையைச் செய்யாது.

மூன்றாம் பத்தியில் முறம் வருகிறது. ‘போ’ என்றால் போயிருக்க வேண்டும். அல்லது கெஞ்சியிருக்க வேண்டும். அவள் நெல்லைப் பரப்பிப் பதரை ஒதுக்கிக் காட்டுகிறாள். வாய் ‘சாமி’ என்று பணிகிறது, கை அளவிலும் குறை, தரத்திலும் குறை என்று கணக்குக் கேட்கிறது. போன வருடத்துக் கூம்பை நினைவூட்டியது இரக்கத்தைக் கேட்பதற்காக அல்ல. அது தனக்குச் சேர வேண்டிய பங்கு என்பதை நிறுவுவதற்காக. அவளை ‘பாதிக்கப்பட்டவள்’ என்று எழுதும் வாக்கியத்தில் இந்த முறத்துக்கு இடம் இருக்காது. மாணிக்கம் அடுத்து என்ன செய்தான் என்று நான் வேண்டுமென்றே எழுதவில்லை. அவன் திரும்ப மொண்டிருந்தாலும், முகத்தைத் திருப்பியிருந்தாலும், அதுவும் மூன்றாம் பத்திக்குத்தான் போகும்.

இதை ஒரே வாக்கியமாகக் கட்டுரையில் எழுத வேண்டுமென்றால் இப்படி எழுதலாம்: ‘தன் கூலியை வழித்து அளந்தவரிடம் பேச முடியாத மாணிக்கம், ஆள்கள் கலைந்தபின் அதே வழிப்பை அஞ்சலையின் படியில் செய்துவிட்டு அவளைப் போகச் சொல்கிறான், அவளோ, சாமி என்று அழைப்பதை நிறுத்தாமலே, பதரை ஒதுக்கிக்காட்டித் தன் பங்கைக் கேட்கிறாள்.’ இந்த வாக்கியத்தில் சாதி என்ற சொல்லும் இல்லை, வர்க்கம் என்ற சொல்லும் இல்லை. அடுத்த வாக்கியத்தில் அந்தச் சொற்களைக் கொண்டுவரலாம். அப்போது அவை ஏற்கெனவே நிற்கும் இருவரைப் பற்றிப் பேசும்.

இந்தப் பயிற்சிக்குப் பிறகு நாவலுக்குத் திரும்பிப் போனேன். முதல் கட்டுரையில் ‘ஆரோக்கியத்தின் புலம்பல்’ என்று நான் ஒதுக்கிவைத்திருந்த பகுதிகளை மறுபடியும் படித்தபோது, அவற்றில் பல இடங்கள் கணக்குக் கேட்பவையாக இருந்தன. முன்பு என்ன கிடைத்தது, இப்போது என்ன கிடைக்கிறது, இடையில் என்ன மாறியது என்று அவள் சொல்லிக்கொண்டே போகிறாள். அழுகைக் குரலில் சொன்னதால் எனக்கு அது காதில் விழவில்லை.

5. சட்ட ஆவணம்: ஒரு மாலை நேரம் போதும், ஆனால் தவறவிடக்கூடாது

கதைமாந்தரின் சாதியைப் பற்றி எழுதும் முன், அது அரசுப் பட்டியலில் எங்கே இருக்கிறது என்று பார்த்துவிடுங்கள். இரண்டு ஆவணங்கள் தேவை: 1950ஆம் ஆண்டின் அரசியலமைப்பு (பட்டியல் சாதிகள்) ஆணை, தமிழ்நாடு அரசின் பிற்படுத்தப்பட்டோர், மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியல்.

பெயர்கள் ஒன்றுபோல இருப்பதால் இங்கே பலர் வழுக்கி விழுகிறார்கள். புதிரை வண்ணார் தமிழ்நாட்டின் பட்டியல் சாதிகளில் இருக்கிறார்கள். வண்ணார் என்ற சமூகமோ கன்னியாகுமரி மாவட்டத்திலும் செங்கோட்டை வட்டத்திலும் மட்டுமே பட்டியல் சாதி; மற்ற பகுதிகளில் மிகவும் பிற்படுத்தப்பட்டோர். இந்த இரண்டையும் கலந்து ‘வண்ணார் வாழ்க்கையைச் சொல்லும் நாவல்’ என்று எழுதினால், நாவலின் முக்கியமான செய்தியே, அதாவது தீண்டாமைக்கு உள்ளானவர்களுக்காக வேலை செய்கிறவர்களுக்கு என்ன இடம் என்பதே, அழிந்துபோகிறது.

இரண்டாவது செய்தி இன்னும் நுட்பமானது. ஆரோக்கியம், சவுரி, ஜோசப், மேரி, பீட்டர் என்ற பெயர்களே அந்தக் குடும்பம் கிறித்தவக் குடும்பம் என்று சொல்லிவிடும். 1950 ஆணை முதலில் இந்துக்களை மட்டுமே பட்டியல் சாதியினராக ஏற்றது, 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள், கிறித்தவர்கள் சேர்க்கப்படவில்லை. பட்டியல் சாதியிலிருந்து கிறித்தவத்துக்கு மாறியவர்களைத் தமிழ்நாடு பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைத்திருக்கிறது. ஆகவே, ‘இட ஒதுக்கீடு இருந்தும் இவர்கள் ஏன் முன்னேறவில்லை?’ என்று கூட்டத்தில் யாரேனும் கேட்டால் (ஒவ்வொரு கூட்டத்திலும் கேட்கிறார்கள்) பதில் உங்கள் கையில் இருக்கும்.

ஆனால் இந்தச் செய்தியை ஆரோக்கியத்தின் தலைக்குள் கொண்டுபோய் வைக்காதீர்கள். ஆணையின் விதி எந்தக் கதவு சாத்தியிருந்தது என்பதை மட்டும் சொல்லும். மகனைச் சாமியாராக்க வேண்டும் என்ற அவளுடைய ஆசையை இந்தச் சட்டத்தால் விளக்க முயன்று நான் ஒரு முழுப் பக்கம் எழுதினேன். அந்தப் பக்கம் அவளுடைய பக்தியை முழுவதுமாகக் கழற்றி எறிந்துவிட்டது. கோயில்மேல் அவளுக்கு இருக்கும் பற்றுதலைப் பற்றுதலாகவே முதலில் எழுதுங்கள். அது வேறு எந்தக் கதவுக்குப் பக்கத்தில் இருந்தது என்பதைப் பிறகு சொல்லலாம்.

ஆண்டையும் கவனியுங்கள். புதிரை வண்ணார் நல வாரியம் 2009இல்தான் அமைக்கப்பட்டது. 1994இல் வந்த நாவலின் மனிதர்களை அதற்குப் பின்னால் வந்த திட்டங்களைக் கொண்டு எடைபோடக்கூடாது.

6. அவன், அவள், அவர்

நான் மிகவும் வெட்கப்பட்ட இடம் இது. என் முதல் கட்டுரையில் ‘ஃபாதர் கூறுகிறார்’ என்றும் ‘ஆரோக்கியம் சொல்கிறாள்’ என்றும் எழுதியிருந்தேன். ஊர்ப் பெரியவர்களுக்கு ‘அவர்’ போட்டிருந்தேன். சவுரிக்கு ‘அவன்’ போட்டிருந்தேன், அவர்களில் சிலர் சவுரியின் வயதொத்தவர்களாக இருந்தும். சாதிப் படிநிலையைக் கண்டித்து எழுதிய ஒன்பது பக்கத்திலும் அதே படிநிலையை வினைமுற்றில் ஏற்றிவைத்திருந்தேன். யாரும் எனக்கு அப்படி எழுதச் சொல்லித்தரவில்லை. கை தானாக எழுதியது.

தமிழில் இதிலிருந்து தப்ப முடியாது; ஒவ்வொரு வினைமுற்றும் ஒரு மரியாதையைத் தேர்ந்தெடுத்துவிடுகிறது. எனவே எழுதத் தொடங்கும் முன்பே முடிவுசெய்துகொள்ளுங்கள். எல்லோருக்கும் ‘அவர்’ என்று வைக்கலாம். அல்லது கதைமாந்தர் என்பதால் பாதிரியார் உட்பட எல்லோருக்கும் ‘அவன்’, ‘அவள்’ என்றே வைக்கலாம். நான் இரண்டாவதை எடுத்துக்கொண்டேன். பாதிரியாருக்கு ‘சொல்கிறான்’ என்று எழுதும்போது கை தயங்கியது. அந்தத் தயக்கம் ஆரோக்கியத்துக்கு ஒருமுறைகூட வரவில்லை என்பதும் அப்போதுதான் தெரிந்தது. எதைத் தேர்ந்தாலும் ஓர் அடிக்குறிப்பில் அதைச் சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் வாசகர் அதை அவமரியாதை என்று எண்ணக்கூடும்.

மரியாதை விகுதியைப் பார்த்து முடித்ததும் வினைச்சொற்களைப் பாருங்கள். கீழே இருப்பவர்கள் பேசும் இடங்களில் ‘கெஞ்சுகிறாள்’, ‘புலம்புகிறாள்’, ‘முனகுகிறான்’ என்று எழுதுகிறோம்; மேலே இருப்பவர்களுக்கு ‘கேட்கிறார்’, ‘வாதிடுகிறார்’, ‘விளக்குகிறார்’. ஒவ்வொரு ‘கெஞ்சுகிறாள்’ வரும் இடத்திலும் நாவலின் பக்கத்தைத் திறந்து, அங்கே உண்மையில் கெஞ்சல்தான் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அப்படியே விடுங்கள். என் கட்டுரையில் பதினொரு இடத்தில் இருந்தது. பார்த்தபின் நான்கு மட்டும் நின்றது.

நாவலில் கதைமாந்தர் வாயில் வரும் இழிவான சாதி வசைகளையும் அழைப்புகளையும் மேற்கோள் குறிக்குள் மட்டும் வையுங்கள். உங்கள் சொந்த வாக்கியத்துக்குள் அவை நுழையக்கூடாது. மேற்கோளிலிருந்து நீக்கவும் கூடாது. நீக்கினால் புழக்கப் பத்தி பாதி காலியாகிவிடும்.

7. கூட்டத்தில் பேசும்போது

எழுதியதை விடப் பேசுவதில் வழுக்கல் அதிகம். இரண்டு எச்சரிக்கைகள் மட்டும் சொல்கிறேன்.

கூட்டத்தில் அந்தச் சமூகத்தைச் சேர்ந்தவர் ஒருவர் இருக்கிறார் என்று தெரிந்தால், ‘நீங்கள் சொல்லுங்கள், இது உண்மைதானா?’ என்று அவரைப் பார்த்துக் கேட்காதீர்கள். நாவலில் ஆரோக்கியத்துக்கு நாம் செய்யக்கூடாத அதே காரியத்தை, அதாவது ஒருவரைத் தன் சாதியின் மாதிரியாக நிறுத்துவதை, எதிரில் இருக்கும் மனிதருக்குச் செய்வதாக அது ஆகிவிடும். அவர் தானாகப் பேசினால் மற்ற வாசகருக்குக் கொடுக்கும் அதே நேரத்தைக் கொடுங்கள். அவரோடு உடன்படாமலும் இருக்கலாம்.

ஆரோக்கியத்தின் மகள் மேரிக்கு நேரும் பாலியல் வன்கொடுமையைப் பேசுவதாக இருந்தால், அதைச் ‘சாதியக் கொடுமைக்கு ஓர் எடுத்துக்காட்டு’ என்று தொடங்காதீர்கள். இந்த நாவலில் அதைச் செய்பவன் தானும் தீண்டாமைக்கு உள்ளான தெருவைச் சேர்ந்தவன். இதைச் சொன்னதும் கூட்டத்தில் ஒரு பகுதி, அந்தத் தெருவையே குற்றவாளியாக்கப் பார்க்கும். இன்னொரு பகுதி, இதையெல்லாம் வெளியில் சொல்லலாமா என்று நாவலின்மேல் கோபப்படும். நாவல் வந்தபோதே இந்த வகைச் சர்ச்சை எழுந்ததுதான். இரண்டு பக்கமும் இழுத்துக்கொண்டிருக்கும்போது மேரி பேச்சிலிருந்து நழுவிவிடுவாள். அதனால் முதலில் அவள் பெயரைச் சொல்லி, நாவல் அவளைப் பற்றிச் சொல்லும் மற்ற பக்கங்களையும் அந்தக் காட்சிக்கு முன்னும் பின்னும் வைத்து, அதன் பிறகு அந்தப் பக்கத்துக்கு வாருங்கள். இந்தப் பகுதிக்கு மொத்த நேரத்தில் கால் பங்காவது ஒதுக்க முடியாது என்றால் அந்தக் கூட்டத்தில் அதைத் தொடாமல் இருப்பது மேல்.

8. கடைசியில் எண்ணிப் பாருங்கள்

கட்டுரையை முடித்து நான்கு நாள் எடுத்துவைத்துவிட்டு, பிறகு பென்சிலோடு உட்காருங்கள். சாதிப் பெயரும், ‘ஒடுக்கப்பட்டோர்’, ‘விளிம்புநிலை’, ‘உழைக்கும் வர்க்கம்’ போன்ற தொகைப் பெயர்களும் எத்தனை முறை வந்திருக்கின்றன, கதைமாந்தரின் சொந்தப் பெயர்கள் எத்தனை முறை வந்திருக்கின்றன என்று இரண்டு எண்களை எழுதுங்கள். முதல் எண் இரண்டாவதைவிடப் பெரியதாக இருந்தால், ஒவ்வொரு தொகைப் பெயரையும் எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு பெயரை வைத்துப் பாருங்கள். வாக்கியம் நின்றால் பெயரையே விட்டுவிடுங்கள். நிற்கவில்லை, ‘சவுரி எப்போதும் அடங்கியே போகிறான்’ என்பதுபோல பொய்யாகிவிடுகிறது என்றால், அந்த வாக்கியம் முன்பும் பொய்யாகத்தான் இருந்திருக்கும். தொகைப் பெயர் அதை மறைத்துவைத்திருந்தது.

இந்த வேலைக்கு எனக்கு இரண்டு மாலைகள் ஆயின. ஒன்பது பக்கம் ஆறரைப் பக்கமானது. ‘புதிரை வண்ணார்’ எட்டு இடங்களில் நின்றது. ஆரோக்கியம் நாற்பதுக்கும் மேல் வந்திருந்தாள். மூன்றாம் பத்தியில் நான் விளக்க முடியாமல் விட்ட குறிப்பு ஒன்று, இவ்வளவுக்குப் பிறகும் அவள் ஏன் அந்தத் தெருவுக்கே போகிறாள் என்பது, கட்டுரையின் கடைசிப் பத்தியில் கேள்வியாகவே இருந்தது. இரண்டாம் முறை வாசித்தபோது அந்த ஆசிரியை அதைப் பற்றித்தான் முக்கால் மணி நேரம் பேசினார்.